வேலையை விட்டுப் போனவரின் போனில் என் கஸ்டமர்களின் போட்டோ: இப்போது என்ன செய்வது?

இரண்டு நாற்காலி
ஈரோடு பக்கம் சின்ன பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். பெயருக்கேற்ற மாதிரி இரண்டே நாற்காலி, நானும் ஒரு உதவியாளரும். மூன்று வருடம் என்னிடம் வேலை பழகிய பெண் தீபாவளிக்கு முன் நின்றுவிட்டாள். இப்போது தன் வீட்டிலேயே ஒரு அறையில் ஆரம்பித்திருக்கிறாள். அதில் எனக்கு வருத்தமில்லை, நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

போன வாரம் ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா போன் செய்து பிடிபிடியென்று பிடித்தார். ட்ரையல் அன்று எடுத்த போட்டோ, மேக்கப் போடுவதற்கு முன் கன்னம் முழுக்கப் பருவோடு இருப்பது, வேலையை விட்டவளின் புது இன்ஸ்டாகிராம் பக்கத்தில் 'முன்', 'பின்' என்று ஓடிக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டார்களாம். நான் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் கல்யாணப் பெண்ணே போனை வாங்கி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அக்கா, என் போட்டோ இன்னும் எத்தனை, யார் யாரிடம் இருக்கு?"

என்னிடம் பதில் இல்லை. எனக்கே தெரியாது. வேலையை விட்டவள் தன் போனில்தான் எடுப்பாள், எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். கடை நம்பரில் 700 பேருக்கு மேல் இருக்கிறார்கள். இதை இனி எப்படி ஒழுங்காக வைப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சண்டை போட வழி கேட்கவில்லை.

சீப்பும் கத்தியும்
தஞ்சாவூரில் 22 வருடமாக ஆண்கள் சலூன். என் வழி சுலபம்: ஒரு நீள நோட்டு. பெயர், நேரம், நம்பர். அவ்வளவுதான். போட்டோ எடுப்பதே இல்லை. இப்போது வந்திருக்கிற தனிநபர் தரவுச் சட்டம் டிஜிட்டலுக்கு மட்டும்தான், பேப்பருக்குக் கிடையாது. நோட்டுக்கு மாறிவிட்டால் உங்களை யாரும் ஒன்றும் கேட்க முடியாது. போனில் வைத்தால் 250 கோடி அபராதம் என்று பேப்பரில் பார்த்தேன். நமக்கெல்லாம் அது தேவையா?

மாடிவீட்டு மாமி
நான் பார்லர் நடத்தவில்லை, போகிறவள். இந்தத் தலைப்பைப் பார்த்ததும் கேட்கத் தோன்றியது. எங்கள் தெரு பார்லரில் வேக்ஸிங் அறைக்கு வெளியே கேமரா மாட்டியிருக்கிறார்கள். திரையை விலக்கினால் உள்ளே தெரியுமோ என்று எனக்குப் பயம். அதை எடுக்கச் சொல்ல முடியுமா?

பழைய சர்வர்
மாமி, கேமரா தனிக் கதை. திரை விலகினால் உள்ளே தெரிகிறதா என்று கேமரா மானிட்டரில் காட்டச் சொல்லிக் கேளுங்கள், காட்ட மறுத்தால் வேறு பார்லர் பாருங்கள். இங்கே இரண்டு நாற்காலி அக்காவின் கேள்வி வேறு.

நான் 16 வருடம் அலுவலக கம்ப்யூட்டர் பராமரிப்பில் இருந்தவன். கோயம்புத்தூரில் மனைவி பார்லர் நடத்துகிறார், அதன் போன், கணக்கு எல்லாம் என் தலையில்.

சீப்பும் கத்தியும் அண்ணன் சொன்னதில் பாதி சரி. 2023-இல் வந்த சட்டம் டிஜிட்டலில் இருக்கும் தகவலுக்குத்தான். ஆனால் பேப்பரில் வாங்கி அப்புறம் டிஜிட்டலாக்கினாலும் உள்ளே வந்துவிடும். நாளைக்கு யார் யார் வருகிறார்கள் என்று அந்த நோட்டுப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வேலைக்காரப் பையனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள் அல்லவா? அந்த நிமிடம் அது பேப்பர் இல்லை. 250 கோடி என்பது உச்சவரம்பு, பாதுகாப்பே செய்யாமல் விட்டவர்களுக்கு. மீறலின் தன்மை, கால அளவு எல்லாம் பார்த்துத்தான் தொகையை முடிவு செய்வார்கள், இரண்டு நாற்காலிக் கடைக்கு 250 கோடி போடமாட்டார்கள். விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின, நமக்கு உண்மையில் பொருந்தும் பகுதிகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான் அமலாகும். ஆகவே சட்டத்துக்குப் பயந்து ஓட வேண்டியதில்லை. அந்தக் கல்யாணப் பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, அதுதான் இப்போது முக்கியம்.

அக்கா, ஒரு வேலை செய்யுங்கள். அந்த ஒரே ஒரு போட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். அது எங்கெல்லாம் இருக்க முடியும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். முதல் பிரதி, எடுத்தவளின் போன் கேலரியில். அவள் போனில் கூகுள் போட்டோஸ் பேக்கப் ஓடினால் அவள் கணக்கில் இரண்டாவது. உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதால் அவள் பக்க சாட்டில் ஒன்று, உங்கள் பக்க சாட்டில் ஒன்று. உங்கள் போன் அதைத் தானாக கேலரியில் இறக்கியிருந்தால் அங்கே ஒன்று. உங்கள் கூகுள் போட்டோஸ் அந்த வாட்ஸ்அப் ஃபோல்டரையும் பேக்கப் எடுத்தால் உங்கள் கூகுள் கணக்கில் ஒன்று. ஒரு போட்டோ ஆறு இடத்தில். உங்கள் பக்கத்தில் உள்ள ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து இருக்கிறது, இல்லை என்று குறியுங்கள்.

கடை வாட்ஸ்அப்பில் `Linked devices` என்ற இடத்தையும் திறந்து பாருங்கள். அங்கே என்ன தெரிகிறது என்று வந்து சொல்லுங்கள்.

பிரைடல் பை
நான் அந்தப் பக்கத்துப் பெண். அதாவது ஒரு பார்லரில் நான்கு வருடம் இருந்துவிட்டு இப்போது தனியாக வீடு வீடாகப் போய் மேக்கப் செய்கிறவள். என் முகூர்த்தப் பை ஒன்றுதான் என் கடை.

எல்லோரும் ஓனர் பக்கமாகவே பேசுகிறீர்கள். அந்த மேக்கப்பைப் போட்டது யார் கை? மூன்று வருடம் அவள் போட்ட வேலையைக் காட்டாமல் புதிதாக ஒருத்திக்கு யார் புக்கிங் கொடுப்பார்கள்? கல்யாண வீட்டில் முதலில் கேட்பதே "உங்க வொர்க் போட்டோ அனுப்புங்க" என்பதுதான். பருவோடு இருக்கும் படத்தைப் போட்டது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாப் போட்டோவையும் அழித்துவிடு என்றால் அவள் மூன்று வருடத்தையும் அழிக்கச் சொல்வது போல.

கலர் கார்டு
பிரைடல் பை, உன் கோபம் புரிகிறது கண்ணு. நானும் 14 வருடம் முன்னால் ஒரு சலூனை விட்டு வெறுங்கையோடு வந்தவள்தான். ஆனால் கை உன்னுடையது, முகம் அவளுடையது. ஓனரா, நீயா என்று சண்டை போடும்போது நடுவில் இருக்கிற அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை பார்.

என் சலூனில் போட்டோவுக்கு இரண்டு கேள்வி. எடுக்கலாமா என்பது ஒன்று, வெளியே போடலாமா என்பது வேறு. முதலாவதற்குச் சரி என்றவர்களில் பாதிப் பேர் இரண்டாவதற்கு வேண்டாம் என்கிறார்கள். முன்பு நான் ஒரே மூச்சில் கேட்பேன், "போட்டோ எடுத்துக்கலாமா, பேஜ்ல போடுவோம்" என்று. கழுத்தில் துணி கட்டி, தலை நனைந்து, கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருக்கிறவள் வேண்டாம் என்று எப்படிச் சொல்வாள்? கலர் பாதியில் இருக்கிறதே. இப்போது வேலை முடிந்து, காசு கொடுத்து, செருப்பைப் போடும் நேரத்தில் கேட்கிறேன். அப்போது முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். "ம்ம்… போடுங்க" என்று இழுத்தால் அது வேண்டாம் என்றுதான் எனக்குக் கணக்கு.

கல்யாண வேலையில் அட்வான்ஸ் வாங்கும்போது பெண்ணிடமே கேட்க வேண்டும். அம்மாவோ நாத்தனாரோ "போடுங்க போடுங்க, நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். அது சம்மதம் ஆகாது.

மாடிவீட்டு மாமி
இதைச் சொல்லும்போது ஞாபகம் வருகிறது. என் பேத்திக்குச் சீர் செய்தோம். மஞ்சள் நீராட்டுக்கு வந்து அலங்காரம் செய்த பெண் மறுநாளே படத்தைப் போட்டுவிட்டாள், 'இன்றைய பூப்பு அலங்காரம்' என்று. குழந்தை ஒரு வாரம் ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்று அழுதது. தெருமுனையில் பிளெக்ஸ் வைத்தது நாங்கள்தான், அதனால் அந்தப் பெண்ணைத் திட்டவும் வாய் வரவில்லை.

பழைய சர்வர்
மாமி, பிளெக்ஸை மூன்று நாளில் கழற்றியிருப்பீர்கள். அது தெருவுக்குத்தான் தெரிந்தது. அந்தப் பக்கத்தில் போட்டது அந்தப் பெண் காலேஜ் போகும்போதும் தேடினால் வரும்.

சட்டப்படியும் 18 வயதுக்குக் கீழ் இருந்தால் குழந்தைதான். பெற்றோரின் சம்மதம் வேண்டும், சும்மா வாய்ச்சொல் போதாது, பெற்றோர்தான் என்று உறுதிசெய்துகொள்ளவும் வேண்டும். என் மனைவி சீர் அலங்காரப் படங்களைப் போடுவதையே நிறுத்திவிட்டார். பின்னல், ஜடை பில்லை, கை மருதாணி மட்டும் போடுவார். முகம் கிடையாது.

இரண்டு நாற்காலி
பழைய சர்வர் சார், பார்த்தேன். எழுதவே கை நடுங்குகிறது.

`Linked devices` திறந்தால் மூன்று இருந்தது. ஒன்று என் வீட்டு லேப்டாப். இன்னொன்று எதுவென்று எனக்கே தெரியவில்லை, எப்போதோ பில் போட ஜெராக்ஸ் கடையில் திறந்ததாக இருக்கலாம். மூன்றாவது ஒரு போன், அவள் வைத்திருந்த கம்பெனி மாடல். கடைசியாகத் திறந்தது நேற்று இரவு என்று காட்டியது. கொரோனாவுக்கு அப்புறம் நான் வெளியே போகும்போது புக்கிங் பார்க்கட்டும் என்று நானே அவளுக்கு இணைத்துக் கொடுத்திருந்தேன். இணைத்த ஞாபகமே இல்லை. அவள் போய் இரண்டரை மாதம். இவ்வளவு நாளும் யார் எப்போது வருகிறார்கள், என்ன விலை சொன்னேன் என்று எல்லாம் அவள் கையில். பொங்கலுக்கு வழக்கமாக வரும் நான்கு பேர் ஏன் வரவில்லை என்று இப்போது புரிகிறது.

அவள் படித்தாளா என்று எனக்குத் தெரியாது. பழி சொல்ல மனசு வரவில்லை. கதவைத் திறந்து வைத்தது நான்.

போட்டோ தேடியதில் என் போன் கேலரியில் இருந்தது. கூகுள் போட்டோஸில் இருந்தது. அதே கணக்கு என் பையன் டேபிலும் இருக்கிறது, அவன் கார்ட்டூன் பார்க்கும் டேபில் கஸ்டமர்களின் வேக்ஸிங் அலர்ஜி படம் வரைக்கும் வந்து நிற்கிறது. அது உங்கள் ஆறில் இல்லாத ஏழாவது.

பழைய சர்வர்
டேபை நான் விட்டுவிட்டேன், சரியாகப் பிடித்தீர்கள்.

மூன்றில் அந்த இரண்டையும் உடனே லாக் அவுட் செய்யுங்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: லாக் அவுட் செய்தால் இனி வருவது போகாது, ஆனால் அந்தப் போனின் கேலரியில் ஏற்கெனவே இறங்கியது அப்படியேதான் இருக்கும். அதை அவள்தான் அழிக்க வேண்டும். இனி மாதம் முதல் தேதி வாடகை கொடுக்கும்போது அந்தப் பட்டியலையும் ஒரு தடவை பாருங்கள்.

உங்கள் போனில் செய்ய வேண்டியது. வாட்ஸ்அப் அமைப்பில் `Chats` உள்ளே `Media visibility` அணையுங்கள், இனி வரும் படங்கள் கேலரியில் விழாது. பழையவை தானாகப் போகாது. கூகுள் போட்டோஸ் பேக்கப் அமைப்பில் `Back up device folders` பகுதியில் வாட்ஸ்அப் ஃபோல்டரை அணையுங்கள். கடைக்கென்று தனி கூகுள் கணக்கு திறந்து, கடை போனில் அது ஒன்று மட்டும் இருக்கட்டும். பையன் டேபில் அந்தக் கணக்கு இருக்கவே கூடாது.

அழிப்பதில் ஒரு ஏமாற்றம் இருக்கிறது. பைல் மேனேஜரிலோ வேறு கேலரி ஆப்பிலோ அழித்தால் போனில்தான் போகும், கூகுள் போட்டோஸில் ஏறிய பிரதி அங்கேயே உட்கார்ந்திருக்கும். கூகுள் போட்டோஸுக்குள் போய் அழித்தாலும் பேக்கப் ஆன படம் 60 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும். அதையும் காலி செய்தால்தான் போனது. அந்தப் பெண்ணுக்கு "அழித்துவிட்டேன்" என்று சொல்வதற்கு முன் குப்பைத் தொட்டியைப் பாருங்கள்.

சீப்பும் கத்தியும்
நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்புவது உண்மைதான், தினமும் ராத்திரி அனுப்புகிறேன். உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். சட்டத்தில் மூன்று வருடம் கழித்து எல்லாவற்றையும் அழிக்க வேண்டும் என்று இருக்கிறதாமே? அப்படியானால் மூன்று வருடம் தாராளமாக வைத்திருக்கலாம்தானே?

பழைய சர்வர்
அண்ணே, அந்த மூன்று வருடக் கணக்கு கோடிக்கணக்கில் ஆட்கள் இருக்கும் ஆன்லைன் வியாபாரம், சோஷியல் மீடியா மாதிரியான பெரிய இடங்களுக்குச் சொன்னது. நமக்குப் பொதுவான வழிதான்: எதற்காக வாங்கினோமோ அந்த வேலை முடிந்ததும் வைத்திருக்கக் காரணம் போய்விடுகிறது. பில் கணக்கு வேறு, அது வரிக்காக இருக்க வேண்டும், ஆடிட்டரைக் கேளுங்கள். ஆனால் பில்லில் போட்டோ எதற்கு, தலையில் பேன் இருந்த கதை எதற்கு?

எவ்வளவு நாள் என்பதை நான் சொல்வதைவிடக் கலர் கார்டு அம்மா சொன்னால் நன்றாக இருக்கும்.

கலர் கார்டு
எனக்கு அளவுகோல் முடிதான். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக வளரும். இடுப்பு வரை, அறுபது சென்டிமீட்டர் பின்னல் என்றால் அதன் நுனி நான்கு வருடத்துக்கு முன் தலையில் முளைத்தது. நான்கு வருடத்தில் அவள் போட்ட டை, மெஹந்தி, ஸ்மூத்தனிங் எல்லாம் அந்தப் பின்னலில் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கும்.

ஒரு அம்மா வந்தார், நுனிக்கு லேசாக ஹைலைட் வேண்டும் என்றார். இதற்கு முன் ஏதாவது போட்டீர்களா என்றால், "இல்லவே இல்லை, மெஹந்திதான்." அவருக்கு நான் எழுதி வைத்திருந்த கலர் கார்டை எடுத்தேன். மூன்று வருடம் முன்னால் பாக்கெட் 'கருப்பு மெஹந்தி' போட்டு, நம்மிடம் வந்து சாயம் பிடிக்காமல் பட்ட கஷ்டம் அதில் எழுதியிருக்கிறது. அந்த மாதிரிப் பொடிகள் சிலவற்றில் உலோக உப்பு இருக்கும். அதன் மேல் ப்ளீச் வைத்தால் முடி சூடேறி அறுந்து கையோடு வரும். நுனியில் ஒரு சின்னக் கற்றையை வெட்டி ப்ளீச்சில் போட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் கிண்ணம் சூடாகிவிட்டது. வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அந்தக் கார்டை நான் இரண்டு வருடத்தில் கிழித்திருந்தால் அவர் தலை போயிருக்கும்.

ஆகவே கலர் விவரம் முடியின் நீளம் இருக்கும்வரை. பாப் கட் செய்துவிட்டால் பழைய கார்டுக்கு வேலை இல்லை, அன்றே கிழிப்பேன். டை ஒவ்வாமை இருந்தால் அது மட்டும் அவர் வருகிறவரை இருக்கும். புக்கிங் நேரம், எந்த நாளில் வந்தார், யாரோடு வந்தார் என்பதெல்லாம் எனக்கு எதற்கு? மாதம் முடிந்ததும் டைரிப் பக்கம் போய்விடும்.

கார்டில் நான் எழுதுவது சாய எண், கலவை, நேரம், ஒவ்வாமைச் சோதனை, இவ்வளவுதான்: "எண் 212. 5.3, 20 வால்யூம், ஒன்றுக்கு ஒன்றரை, 35 நிமிடம். காதுக்குப் பின் 48 மணி நேரம், ஒன்றுமில்லை." பெயரும் கிடையாது, நம்பரும் கிடையாது. 212 யார் என்பது கடை போனில் மட்டும். உதவிக்கு வருகிறவள் கார்டைப் பார்த்தே கலக்கலாம், யாருடையது என்று அவளுக்குத் தெரிய வேண்டியதில்லை. கார்டு தொலைந்தாலும் எடுத்தவனுக்கு அது கலர் கணக்குதான்.

இரண்டு நாற்காலி
அக்கா, இது நன்றாக இருக்கிறது. நான் போனில் எப்படி சேவ் செய்திருக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். 'பேன் அக்கா', 'அப்பர் லிப் டீச்சர்', 'சொட்டை பேங்க்', '5 மாசம் கோபி'. ஞாபகத்துக்காக வைத்தது. நேற்று கடையில் மூன்று பேர் இருக்கும்போது போன் மேசையில் அடித்து, திரையில் 'சொட்டை பேங்க்' என்று வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் சொந்தக்காரர்தான் அவர்.

பழைய சர்வர்
அந்தப் பெயர்களை முதலில் மாற்றுங்கள். '5 மாசம்' என்பது உடல்நிலை பற்றிய தகவல், அந்தப் பெண் தன் மாமியாரிடம் சொல்வதற்கு முன் உங்களிடம் சொல்லியிருக்கலாம். அழைப்பவர் பெயர் காட்டும் ஆப்கள் எதுவும் கடை போனில் வேண்டாம், அவை தொடர்புப் பட்டியலுக்கு அனுமதி கேட்கும். கொடுத்தால் நீங்கள் வைத்த பெயர் எங்கே போகிறது என்று உங்கள் கையில் இல்லை.

இன்னொன்று. விளம்பரத்துக்கு யாரும் குரூப் ஆரம்பிக்காதீர்கள். எங்கள் பகுதியில் ஒரு பார்லர் ஆடித் தள்ளுபடிக்கு எல்லாரையும் ஒரே குரூப்பில் சேர்த்தது. ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரிந்தது. மதியத்துக்குள் யாரோ ஒருவன் பெண்களுக்கு 'ஹாய்' அனுப்ப ஆரம்பித்துவிட்டான். பிராட்காஸ்ட் லிஸ்ட் வையுங்கள். ஒரு லிஸ்டில் 256 பேர்தான், அதுவும் உங்கள் நம்பரை சேவ் செய்தவர்களுக்கு மட்டும்தான் போகும். பலர் அதைக் குறை என்பார்கள். என் மனைவிக்கு அதுதான் வசதி: உங்களை சேவ் செய்யாதவருக்கு உங்கள் ஆஃபர் வேண்டாம் என்றுதான் அர்த்தம்.

பிரைடல் பை
கலர் கார்டு அக்கா, ஒரு விஷயம் கேட்கணும். ஒரு பெண்ணிடம் கேட்டு, அவள் சரி என்று சொல்லி, கல்யாணப் படத்தைப் போட்டேன். இரண்டு வருடம் கழித்து மெசேஜ் வந்தது, பிரிந்துவிட்டோம், எடுத்துவிடுங்கள் என்று. என் பேஜிலேயே அதிகம் பேர் பார்த்த படம் அது. எடுத்துவிட்டேன், ஆனால் மனசு கேட்கவில்லை. ஒரு தடவை சரி என்றால் சரிதானே?

கலர் கார்டு
எடுத்தாயே, அதுதான் சரி. எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு, சட்டமும் அதைத்தான் சொல்கிறது. சம்மதம் கொடுத்தது எவ்வளவு சுலபமோ, அதைத் திரும்ப வாங்கிக்கொள்வதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். ஒரு மெசேஜில் சரி என்றாள், ஒரு மெசேஜில் வேண்டாம் என்றாள். நீ ஒன்றும் வாதாடவில்லையே, நல்லது.

இரண்டு நாற்காலி
எல்லோருக்கும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கே போன் செய்தேன். முதலில் எடுக்கவில்லை, இரண்டாம் நாள் எடுத்தாள். பருப் படத்தை அன்று மாலையே எடுத்துவிட்டாள், "அக்கா, அது இவ்வளவு பெரிசாகும்னு நினைக்கல" என்றாள். மற்ற படங்களைப் பற்றிக் கேட்டதும் குரல் மாறியது. "நான் போட்ட மேக்கப் அக்கா, நீங்க எனக்கு வேற என்ன கொடுத்து அனுப்பினீங்க?" என்றாள். பிரைடல் பை சொன்ன அதே வார்த்தை. நான் சண்டைக்குப் போகவில்லை. யார் யார் படம் இருக்கிறதோ அவர்களிடம் அவளே கேட்டு, சரி என்றவர்கள் படத்தை வைத்துக்கொள்ளட்டும் என்றேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறாள். அவர்களின் நம்பர் அவளிடம் இருக்கவே கூடாது என்றும் சொல்ல வேண்டும், ஆனால் நம்பர் இல்லாமல் எப்படிக் கேட்பாள்? அதற்கு எனக்கு வழி தெரியவில்லை.

கல்யாணப் பெண்ணுக்குப் பதில் அனுப்பினேன்: என்னிடம் உங்கள் படம் எட்டு இருந்தது, என் பக்கத்து நான்கு இடத்திலும் பார்த்து அழித்துவிட்டேன், குப்பைத் தொட்டியும் காலி. வேலையை விட்டவரிடம் எத்தனை என்று எனக்குத் தெரியாது, அவர் நீக்கியதாகச் சொன்னது ஒன்று. ஒரு 'சரி' மட்டும் வந்தது. திரும்பி வருவாளா என்று தெரியவில்லை.

சீப்பும் கத்தியும்
நம்பர் விஷயத்துக்கு: நீங்களே கஸ்டமருக்கு மெசேஜ் போட்டு, "அந்தப் பெண் உங்கள் படத்தை வைத்திருக்க விரும்புகிறார், சம்மதமானால் அவரைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லலாமே. கூப்பிட விருப்பமுள்ளவர்கள் கூப்பிடுவார்கள்.

பழைய சர்வர்
அண்ணே, இதுதான் சரியான வழி. எனக்குத் தோன்றவில்லை.

பிரைடல் பை
யாரும் கூப்பிடமாட்டார்கள், பாருங்கள். ஆனால் இதற்கு மேல் நான் வாதாடவில்லை.

என் பக்கத்து நடைமுறைச் சிக்கல் ஒன்று. ஓனர் நம்பரே கொடுக்காமல் இருந்தால் முகூர்த்தம் எப்படி நடக்கும்? அதிகாலை நான்கு மணிக்கு மண்டபம் எங்கே என்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் நிற்பது நாங்கள்தான். கடை போன் ஓனரிடம், ஓனர் தூங்குகிறார்.

இரண்டு நாற்காலி
அது எனக்கும் வந்துவிட்டது. புது உதவியாளருக்குக் கடையில் நேரமும் வேலையும் மட்டும் சொல்கிறேன், '3 மணி, எண் 48, டச்அப்' என்று. ஞாயிறு கோபிப் பக்கம் ஒரு முகூர்த்தம், நாலரை மணிக்கு நாற்காலியில் உட்கார்த்த வேண்டும். சீட்டில் நம்பரை எழுதிக் கொடுத்து, முடிந்ததும் திருப்பிக் கொடு என்றேன். ராத்திரி மூன்று மணிக்குப் பெண் வீட்டார் லொகேஷன் அனுப்பினால்தான் போக முடியும் என்றாகி, அவள் நம்பரை சேவ் செய்துவிட்டாள். திங்கள் வந்து என் முன்னாலேயே அழித்தாள், சாட்டையும் அழித்தாள், சீட்டையும் கொடுத்தாள். நானும் சரி என்று டீ போடப் போனேன். திரும்பி வந்தால் அவள் போனின் கால் லிஸ்டில் அந்த நம்பர் மேலேயே நிற்கிறது.